டிரிப் ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்

குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கும், வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் குடியிருப்பில் 19 வருடமாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். பெரும்பாலான வீடுகளின் சுவிட்ச் போர்டை ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கிறேன். போன வாரம் இரண்டாவது மாடியில் ஒரு சமையலறையில் பார்த்ததை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த வீட்டில் குடியிருக்கும் அம்மா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். மாலையில் சமைக்கும் நேரத்தில் மேடைக்குப் பக்கத்தில் மீன் கவிச்சி மாதிரி வாடை. அவர்கள் வீட்டில் மீன் சமைப்பதே இல்லை. எலி செத்திருக்கும் என்று அலமாரியை எல்லாம் இறக்கித் தேடியிருக்கிறார்கள். கூடவே சமையலறை டியூப்லைட் அவ்வப்போது சிமிட்டியிருக்கிறது. உரிமையாளரிடம் சொன்னபோது, "எம்.சி.பி. டிரிப் ஆகுதா? இல்லையே. அப்புறம் என்ன? அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது பார்த்துக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து அணைத்துவிடும் சுவிட்ச்தான் எம்.சி.பி.

நான் போனபோது இண்டக்‌ஷன் அடுப்பு அரைமணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. புறங்கையைப் பிளக் பாயின்ட் மேல் வைத்தேன், இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, போர்டைக் கழற்றினேன். உள்ளே நியூட்ரல் ஒயரின் ரப்பர் ஓர் அங்குலத்துக்குக் கருகி, தொட்டதும் உதிர்ந்தது. திருகாணியில் ஸ்குரூ டிரைவரை வைத்தால் ஒன்றரைச் சுற்று சும்மா சுற்றியது. சாக்கெட்டின் பின்பக்கம் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. அந்த வாடை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் செய்யும் சில பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடைதான் அடிக்கும். எரிந்த ரப்பர் நாற்றத்தை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் இது ஏமாற்றிவிடும்.

உங்கள் கட்டடத்தில் பல வீடுகளில் இன்னும் பழைய அலுமினிய ஒயர்தான் இருக்கிறது. அலுமினியம் மெத்தென்ற உலோகம். திருகாணிக்கு அடியில் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிப் பிடி தளர்ந்துவிடும். காற்றுப் பட்ட இடத்தில் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத படலமும் பிடிக்கும். ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடிய காலத்தில் இந்தத் தளர்வு யாருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன்.

தளர்ந்த இணைப்பில் 0.2 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஃபேன் இழுப்பது ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. அந்த இணைப்பில் பிறக்கும் சூடு 0.02 வாட்தான், ஒன்றுமே இல்லை. அதே பாயின்டில் மல்டி பிளக் போட்டு 1800 வாட் இண்டக்‌ஷனையும் 750 வாட் மிக்ஸியையும் ஓட்டினால் சுமார் 11 ஆம்பியர். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் இப்போது 24 வாட். ஒரு சால்டரிங் அயர்னை மூடிய பெட்டிக்குள் ஆன் செய்து வைத்த மாதிரி. அந்தச் சூட்டில் திருகாணி இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும்.

சரி, எம்.சி.பி. ஏன் விழவில்லை? அந்த வீட்டில் இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. அதன் வழியாகப் போனது 11 ஆம்பியர். அதன் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. போர்டுக்குள் ஒரு திருகாணி கருகுவது அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சும் விழாது, மின்சாரம் வெளியே கசிந்தால்தான் அது விழும். ஆனால் அந்த சாக்கெட் 6 ஆம்பியருக்குச் செய்தது. அதனால்தான் "டிரிப் ஆகவில்லை" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். லூஸ் கான்டாக்ட்டைக் கண்டுபிடிக்க அந்த வீட்டில் இருந்தவை அந்த அம்மாவின் மூக்கும் கண்ணும்தான். அவை இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டன.

இதைவிட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று 16-ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டியிருக்கும் மூன்று வீடுகளை இதே கட்டடத்தில் பார்த்திருக்கிறேன். சுவருக்குள் ஓடும் ஒயர் அந்தக் கரண்டைத் தாங்காது. எம்.சி.பி. விழுவதற்கு முன்னால் ஒயர் வெந்துவிடும். யார் கேட்டாலும் இதைச் செய்யாதீர்கள், செய்து தருகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

விளக்கு சிமிட்டுவதெல்லாம் ஒயரிங் கோளாறு அல்ல. எல்.இ.டி. பல்பைக் கழற்றி வேறு அறையில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் சிமிட்டினால் பல்பு போய்விட்டது. பழைய இடத்தில் நல்ல பல்பும் சிமிட்டினால் ஹோல்டரையோ இணைப்பையோ பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது ஒரு நொடி மங்குவதும் பெரும்பாலும் சாதாரணம்தான். அதிகம் கரண்ட் இழுக்கும் சாதனத்தின் பிளக் லேசாக வெதுவெதுப்பாக இருந்தாலும் பயம் வேண்டாம். கை வைக்க முடியாத சூடு, பழுப்புக் கறை, உள்ளேயிருந்து சிடுசிடு சத்தம் என்றால் அதை உபயோகிக்கக் கூடாது. அந்த சர்க்யூட்டை, எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியில் அணைத்துவிட்டு என்னையோ வேறு ஒயர்மேனையோ கூப்பிடுங்கள். சூடான பிளக்கை ஓடும்போதே பிடுங்காதீர்கள்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒரு வீட்டில் விளக்கு மங்கி, பக்கத்து வீட்டிலோ பக்கத்து அறையிலோ அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தால், பொது நியூட்ரல் எங்கோ விட்டுப்போகிறது என்று பொருள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேலும் ஏறலாம். உடனே மெயினை அணைத்து, மற்ற வீடுகளுக்கும் சொல்லிவிட்டு, ஈ.பி.க்குப் போன் செய்யுங்கள்.

இரண்டாவது மாடி வீட்டில் கருகிய பகுதியை வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டலாமா என்று உரிமையாளர் கேட்டார். முடியாது என்றேன். பாக்கி ஒயர் எட்டவில்லை. அலுமினியத்தோடு தாமிர ஒயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றினால் அந்த இணைப்பே அரித்து அடுத்த கோளாறு ஆகிவிடும். டி.பி.யிலிருந்து புதிதாக 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், எர்த்தோடு இழுத்து, தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் வேலை. இப்போது அரைமணி நேரம் சமைத்த பிறகும் அந்த சாக்கெட் சில்லென்றுதான் இருக்கிறது.

சங்கத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். வீடு காலியாகும்போது, பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால், சமையலறை, கீசர், ஏ.சி. போர்டுகளைக் கழற்றிப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். பெயிண்ட் அடித்த பிறகு போர்டைத் திறக்க யாரும் விடுவதில்லை. இந்த மாதம் நான்கு வீடுகள் காலியாக இருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். சாவியை அவரிடம் கொடுத்து வையுங்கள், ஞாயிறு காலை வந்து பார்த்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒயர்மேன்