"ரெஃப்ரெஷ் பட்டன் வேண்டுமாம்": திட்ட மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாடிக்கையாளர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து எங்களிடம் கொடுக்கும் திட்ட மேலாளர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதுகிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. "புகார்ப் பட்டியலின் வலது மேல் மூலையில் ரெஃப்ரெஷ் பட்டன் வேண்டும்" என்று ஒற்றை வரியில் டிக்கெட் வருகிறது. அரைமணி நேர வேலைதான். ஆனால் பிரவுசரிலேயே அந்த வசதி இருக்கிறதே, பிறகு எதற்குக் கேட்கிறார்கள்? அங்கேதான் விசாரிக்கத் தொடங்க வேண்டும்.

"ஏன் வேண்டும்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கேட்டவர் தன் யோசனையை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார். வேலை எப்படி நடக்கிறது என்பது வெளியே வராது. "கடைசியாக இந்தப் பட்டன் இல்லாமல் எப்போது சிரமப்பட்டீர்கள்? அப்போது திரையில் என்ன இருந்தது? பட்டனை அழுத்தியதும் எந்த இடத்தைப் பார்ப்பீர்கள்? பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அதையும் மேலதிகாரியிடம் அல்ல, அந்தத் திரையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்.

புகார் மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் ஒரே பட்டியலைப் பார்த்து, புகார் கொடுத்தவர்களுக்குப் போன் செய்கிறார்கள். மேலே உள்ள கேள்விகளுக்கு அங்கே வரக்கூடிய பதில்: "போன் போடும் முன், வேறு யாராவது இந்தப் புகாரை எடுத்துவிட்டார்களா என்று பார்க்கணும். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் கூப்பிட்டுத் திட்டு வாங்குகிறோம். பக்கத்தைத் திரும்ப லோடு செய்தால் போட்டு வைத்த ஃபில்டரெல்லாம் போய்விடுகிறது." இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஃபில்டர் அழிவது ஒரு சின்னக் கோளாறு; அதைத் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். உண்மையான தேவை, ஒரு புகார் ஒரே நேரத்தில் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும் என்பது.

ரெஃப்ரெஷ் பட்டன் இதைத் தீர்க்காது. இருவர் 10:42-க்கு அழுத்துகிறார்கள், இருவருக்கும் அந்தப் புகார் காலியாகத் தெரிகிறது, இருவரும் போனை எடுக்கிறார்கள். முப்பது நொடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்க வைத்தாலும் இடைவெளி இடைவெளிதான். கூடவே, கிளிக் செய்யப் போகும் நொடியில் வரிசை நகர்ந்து அடுத்த புகார் திறந்துகொள்ளும்.

வேண்டியது "நான் எடுக்கிறேன்" என்ற செயல். (ஆம், கடைசியில் அதுவும் ஒரு பட்டன்தான்!) அதன் உயிர், பின்னால் ஓடும் இந்த ஒரே கட்டளையில் இருக்கிறது:

```sql
UPDATE complaints
SET assigned_to = :me, assigned_at = NOW()
WHERE id = :id AND assigned_to IS NULL;
```

ஒரு வரி மாறினால் புகார் உங்களுடையது. எதுவும் மாறாவிட்டால் வேறொருவர் முந்திக்கொண்டார். அவர் பெயரைத் திரையில் காட்டிவிடலாம். காலியாக இருக்கிறதா என்று முதலில் `SELECT` செய்து பார்த்துவிட்டு, நிபந்தனை இல்லாமல் `UPDATE` செய்தால் பழைய இடைவெளியே திரும்ப வந்துவிடும். பட்டனை ஒரே ஆள் இரண்டு தடவை தட்டினாலும் இரண்டாம் தடவை எதுவும் மாறாது. அப்போது `assigned_to` அவர் பெயரிலேயே இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், "வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று அவரிடமே பொய் சொல்வோம்.

இங்கே வாடிக்கையாளர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று எழுகிறது. எடுத்தவர் அப்படியே சாப்பிடப் போய்விட்டால்? எத்தனை நிமிடம் கழித்து புகார் தானாக விடுபட வேண்டும், அல்லது மேற்பார்வையாளர் மட்டுமே விடுவிக்கலாமா? நாங்கள் குத்துமதிப்பாக 15 நிமிடம் வைத்து, வழக்கமான அழைப்பு 20 நிமிடம் ஓடினால், பேசிக்கொண்டிருக்கும்போதே புகார் இன்னொருவர் கைக்குப் போய்விடும். அழைப்புகள் எவ்வளவு நேரம் நீள்கின்றன என்று கேட்டு வாங்கி வாருங்கள்.

கேட்டபடியே ரெஃப்ரெஷ் பட்டன் சரியாக இருக்கும் இடமும் உண்டு. மேற்பார்வையாளர் நிலுவை எண்ணிக்கையை வெறுமனே பார்க்கிறார், அதை வைத்து எதையும் எடுப்பதில்லை என்றால், பட்டனும் பக்கத்தில் "கடைசியாகப் புதுப்பித்தது 10:42" என்ற வரியும் போதும்.

ஆகவே டிக்கெட்டில், வாடிக்கையாளர் கேட்ட பட்டனை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அதன் கீழே, அழுத்தியபின் அவர் என்ன செய்வார் என்று இரண்டு வரி சேருங்கள். வேலை தொடங்கும் முன், ஒரே புகாருக்குப் பத்து நிமிடத்துக்குள் இருவர் போன் செய்தது கடந்த வாரம் எத்தனை முறை என்று அழைப்புப் பதிவிலிருந்து எண்ணி வையுங்கள். வெளியிட்ட அடுத்த வாரமும் அதையே எண்ணுங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால், யாரோ "நான் எடுக்கிறேன்" அழுத்தாமலே போன் செய்கிறார்கள். போன் எண்ணைப் பட்டியலிலேயே பார்த்து டயல் செய்ய முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
நிரல் எழுதுகிறவர்கள்