நீ வேணாம்னு சொன்னவங்களையும் கொஞ்சம் பாருடி

ஏய் எப்படி இருக்க?

இங்க எல்லாரும் நல்லாருக்கோம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப வாக்கர் இல்லாமயே கிச்சன் வரைக்கும் நடக்கறாங்க, வேணாம்னாலும் கேக்காம தோசை ஊத்த வந்துடறாங்க. காலேஜ்ல பசங்களுக்கு மனநல கவுன்சிலிங் குடுக்கற என் வேலையும் போயிட்டு இருக்கு, செமஸ்டர் நேரம்ங்கறதால ரூம் வாசல்ல எப்பவும் யாராவது நிக்கறாங்க.

சரி, "எனக்கு வர்றவன் எல்லாம் ஏன்டி மனசே திறக்காதவனா இருக்கான், தப்பு எங்கிட்டயா"னு கேட்டிருந்தியே. தப்பு யார் மேலங்கறத விட்டுடு. இதுல உன் பக்கம் ஒரு பேட்டர்ன் இருக்கான்னு பாக்கணும்னா நீ புடிச்சவங்களை மட்டும் பாத்தா தெரியாது. ஏன்னா நெருக்கத்துக்கு பயப்படற ஆளுங்க ஒரு உறவுல ரொம்ப நாள் நிக்க மாட்டாங்க, திரும்ப திரும்ப சிங்கிளா வெளிய வந்துட்டே இருப்பாங்க, அதனால முப்பது வயசுக்கு மேல தேடறப்ப அப்படிப்பட்டவங்க கண்ணுல படறதே அதிகம். ரெண்டு மூணு பேர் அப்படி அமைஞ்சா அது வெறும் சான்ஸாவும் இருக்கலாம். நீ யாரை வேணாம்னு சொன்னங்கறதுலதான் விஷயம் இருக்கு.

போன வருஷம் அந்த பேங்க்ல வேலை பாக்கறவர் ஞாபகம் இருக்கா? ஏழு மணிக்கு கூப்பிடறேன்னா ஏழு மணிக்கு கூப்பிடுவார், உனக்கு காய்ச்சல்னு தெரிஞ்சதும் அடுத்த நாள் விசாரிச்சார். நீ "நல்ல மனுஷன்தான், ஆனா ஸ்பார்க் இல்ல"ன்னு சொல்லிட்ட. அதே மாசம்தான் நீ இப்ப புலம்பற இவன் வந்தான். ரெண்டாவது தடவை பாத்தப்பவே "இப்போதைக்கு சீரியஸா எதுவும் வேணாம்"னு அவனே வாய் விட்டு சொன்னான், நீ அதுல "இப்போதைக்கு"ங்கறத மட்டும் புடிச்சுகிட்ட. நாலு நாள் சத்தமே இருக்காது, அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கு "மிஸ் யூ"ன்னு வரும், உடனே எனக்கு போன் பண்ணி குதிப்ப.

அந்த குதிப்பைத்தான் கவனிக்க சொல்றேன். ஸ்கின்னர்னு ஒரு சைக்காலஜிஸ்ட், புறாக்களை வச்சு இதைப் பாத்தார். கொத்தினா ஒவ்வொரு தடவையும் தீனி கிடைச்ச புறா, தீனி நின்னதும் சீக்கிரமே கொத்தறத விட்டுடும். எப்ப கிடைக்கும்னே தெரியாம அப்பப்ப கிடைச்ச புறா, நின்ன பிறகும் ரொம்ப நேரம் கொத்திகிட்டே இருக்கும். ஒரு மணி மெசேஜுக்கு உனக்கு வர்ற சந்தோஷத்துல பாதி, நாலு நாள் தவிப்பு அடங்கின நிம்மதிடி. அது காதல் மாதிரியே இருக்கும். தவிக்க விடாத ஆள்கிட்ட அந்த நிம்மதிக்கு வேலையே இல்ல, அதனாலதான் அவர் சப்புன்னு தெரிஞ்சார்.

இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா, சின்ன வயசுல அம்மா அப்பாகிட்ட நமக்கு இருந்த பிணைப்பு மாதிரியான ஒண்ணு பெரியவங்க காதல்லயும் இருக்குன்னு 1987ல ஹாசன், ஷேவர்னு ரெண்டு பேர் எழுதினாங்க, அட்டாச்மென்ட் ஸ்டைல்னு இப்ப எல்லாரும் பேசறதுக்கு அது ஒரு முக்கியமான ஆரம்பம். உங்கப்பா மஸ்கட்ல இருந்தப்ப வெள்ளிக்கிழமை போனுக்காக நீ விளையாட கூட வராம உக்காந்திருப்ப. அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம், ஆனா அதுதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது. அதே வீட்ல வளர்ந்த உன் தம்பி வேற மாதிரிதானே இருக்கான்? இந்த ஸ்டைல் வாழ்நாள் முழுக்க மாறாததும் இல்ல, நம்பகமான ஒருத்தர் கூட இருந்தே மாறினவங்க இருக்காங்க.

அதனால இதை பண்ணு. மனசு திறக்கலைன்னு நீ சொல்ற மூணு பேரையும், காலேஜ் சீனியர்ல இருந்து இவன் வரைக்கும், தனித்தனியா எழுது. விலகி நிக்கறான்னு முதல்ல எப்ப தெரிஞ்சுது, அப்ப மனசுக்குள்ள என்ன சமாதானம் சொல்லிகிட்ட, அதே சமயத்துல வேற யாரை தள்ளி விட்ட. காலேஜ் சீனியர் விஷயத்துல உனக்கு ஒண்ணுமே தெரிய வாய்ப்பில்ல, ஒரு வருஷம் எல்லாம் நல்லா பேசிட்டு வீட்ல சொல்லணும்னு வந்தப்பதான் மாறினான், அதை உன் கணக்குல சேக்காத, அது அவன் மறைச்சது. மத்த ரெண்டு பேர்கிட்டயும் முதல் மாசமே தெரிஞ்சும் நீ நின்னிருந்தா, அதுதான் உக்காந்து பாக்க வேண்டிய இடம். "நான் மாத்திடுவேன்", "எங்கிட்ட மட்டும் திறப்பான்"ங்கற மாதிரி ஒரே சமாதானம் ரெண்டுலயும் வந்தா ஒரு தெரபிஸ்ட்கிட்ட அந்த பேப்பரையே எடுத்துட்டு போ, நான் ஃப்ரெண்டா இருக்கறதால உனக்கு நான் தெரபி பண்ண கூடாது, தெரிஞ்ச ஒருத்தங்க நம்பர் தரேன்.

இனிமே யாரையாவது பாத்தா மூணாவது நாலாவது சந்திப்புலயே என்ன எதிர்பாக்கறன்னு நேரா கேளு, சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கோ. அமைதியான ஆளா இருந்தா ஒரே காபில முடிவு பண்ணாம நாலஞ்சு தடவை பாரு. அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா பிடிக்கலைதான், நல்லவர்ங்கறதுக்காக யாரையும் கட்டிக்க வேணாம்.

எழுதினதும் எனக்கு அனுப்பு, பொங்கலுக்கு வர்றப்ப கூட கொண்டு வந்தா போதும். அம்மா உன்னை ரொம்ப கேட்டாங்க.