செயலாளர் ஆண்டறிக்கை: முன்னாள் மாணவர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. ரத்த தான முகாமும் நோட்டுப் புத்தகம் வழங்கலும் வழக்கம்போல் நடந்தன.

மதுரையில் நடந்த குடும்பச் சந்திப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். போன ஆண்டு நான் அனுப்பிய செய்தி ஒரே வரி: “காலை 9 மணிக்கு ஹோட்டலிலிருந்து வண்டி.” ஒன்பது அடிக்கும்போது ஓர் உறுப்பினர் ஈரத் தலையோடு, கையில் டீ டம்ளருடன் லிஃப்டிலிருந்து வந்து, “ஒன்பதுன்னுதானே சார் போட்டிருந்தீங்க?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஏறும் நேரமா, வண்டி எடுக்கும் நேரமா என்று நான் எழுதவில்லை. எல்லாரும் முதல் வேனில் முண்டியடிக்க, இரண்டாவது வேன் ஐந்து பேரோடு போனது.

இந்த ஆண்டு 30 பேர். 21 இருக்கை வேன் ஒன்று, 12 இருக்கை வேன் ஒன்று. முதல் நாள் மாலை ஆறு மணிக்கு அனுப்பிய செய்தி இதுதான்:

“நாளை காலை 8.30-க்கு ஏறலாம். 8.45-க்கு வண்டி எடுத்துவிடும். வேன் ஹோட்டல் வாசலுக்கு வராது. மேல வெளி வீதியில், ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும். முதல் மாடிக்காரர்கள் வெள்ளை வேன், இரண்டாம் மாடிக்காரர்கள் நீல வேன். நடக்க முடியாதவர்கள் இரவே சொன்னால் ஆட்டோ வரும். திரும்ப மாலை 4 மணி. கடைசி வண்டி 5.30. சொந்தக் காரில் வருவோர் இரவு 8-க்குள் தெரிவிக்கவும்.”

வண்டி எண்ணை வேண்டுமென்றே போடவில்லை. டிராவல்ஸ்காரர்கள் காலையில் வேறு வண்டியை அனுப்பினால் இரவு போட்ட எண் பொய்யாகிவிடும். அதனால் நிறத்தை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொண்டு, கண்ணாடியில் சங்கத்தின் பெயரையும் ஒட்டச் சொன்னேன். ஓட்டுநர் கைப்பேசி எண்ணும் என்னிடம் மட்டும்தான். எல்லாரும் கூப்பிட்டால் அவர் எப்படி வண்டி ஓட்டுவார்?

கோரிப்பாளையத்தில் நெரிசல் இருந்தும் அழகர்கோவில் சாலை மண்டபத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் ஆறு பேர் சொல்லாமல் சொந்தக் காரில் போய்விட்டார்கள். வெள்ளை வேன் அவர்களுக்காகக் காத்துக் கிடந்தது, 9.05-க்குத்தான் எடுத்தோம். அவர்களில் ஒருவர் மண்டபத்திலிருந்தே போனை எடுத்து, “நாங்க டிஃபன் சாப்பிட்டுட்டு இருக்கோம்” என்றார். காலி இருக்கைக்கும் வாடகை வாடகைதான்.

கணக்கை பொருளாளர் படிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரி. வேன் பாக்கி கொஞ்சம் நிற்கிறது. சந்தா தராதவர்கள் பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை. அவர்களில் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

மண்டபத்தாருக்கும், ஓட்டுநர்கள் இருவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வண்டிப் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மகிழ்வேன். செய்தியின் நகல் என்னிடம் இருக்கிறது. நேரத்தையும் வேன் நிறத்தையும் மாற்றினால் போதும். வேனுக்கு முன்பணம் கொடுக்க மட்டும் சந்தா மார்ச்சுக்குள் வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்