எடை குறைந்தது, மாத்திரை குறையவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

முடக்குவாதம் பற்றிய உங்கள் கட்டுரையில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் ‘ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு வரி வருகிறது. அது சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பி நான் பல வருடங்களை வீணடித்திருக்கிறேன்.

உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்காகப் பதினோரு வருடமாக இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன். வருடா வருடம் போய் எதிரே மாட்டியிருக்கும் எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்துக் காட்டுவேன். “பார்வை நல்லாயிருக்கு” என்பார்கள், வந்துவிடுவேன். இந்த மருந்தின் சேதம் பெரும்பாலும் பார்வையின் நட்டநடுவை விட்டுவிட்டு, அதைச் சுற்றித்தான் தொடங்கும் என்று பிறகுதான் தெரிந்தது. எழுத்தைப் படிப்பதோ நடுப்பகுதியின் வேலை. அதில் தடுமாற்றம் வரும்போது சேதம் முற்றியிருக்கும். மாத்திரையை நிறுத்தினாலும் போனது திரும்பாது.

கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன், பார்வைப் புலப் பரிசோதனை. இரண்டாவதில் ஒரு புள்ளியையே பார்த்தபடி, சுற்றிலும் மினுக்கும் ஒளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். தூக்கம் வரும், பரவாயில்லை. ஆசிய வம்சாவளியினருக்குச் சேதம் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளியே தொடங்கலாம் என்பதால், அகலமான பரப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். முதல் வருடத்தில் ஒருமுறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் என்பது வழக்கம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களும் ஐந்து வருடம் காத்திருக்கக் கூடாது.

அப்புறம் எடை. இந்த மருந்து விழித்திரைக்குப் பின்னுள்ள நிறமி அடுக்கில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் தங்கும். அதனால்தான் ஒரு நாளைக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். அந்த எல்லைக்குள் இருந்தால் பத்து வருடம் வரை பாதிப்பு நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. இருபது வருடம் தாண்டினால் ஐந்தில் ஒருவர் வரை போகலாம்.

நான் தொடங்கியபோது 80 கிலோ. தினம் 200 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, அதாவது 400, கணக்கு சரியாக இருந்தது. நோயோடு போராடி 58 கிலோவுக்கு வந்தேன். மாத்திரை மட்டும் அதே இரண்டு. கிலோவுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம்! பழைய சீட்டையே காட்டி வாங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

என் எல்லை இப்போது தினம் 290. மாத்திரையைப் பாதியாக உடைக்காமல் மருத்துவர் வாரக்கணக்காக மாற்றிக்கொடுத்தார்: திங்கள், புதன், வெள்ளி இரண்டு, மற்ற நாட்களில் ஒன்று. வாரத்துக்குப் பத்து மாத்திரை, சராசரி 286. மருந்தின் கணிசமான பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் பார்த்தார். நல்லவேளை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

இதைப் படித்துப் பயந்து யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். லூபஸ் மறுபடி தலைதூக்கும். அடுத்த முறை போகும்போது எடை பார்த்து, அதை ஐந்தால் பெருக்கிக்கொண்டு போங்கள்.

– ஒரு வாசகி