பூ உதிர்ந்த ஆர்க்கிட்

அன்புள்ள வசந்தி,

போட்டோ பார்த்தேன் டி. செடி சாகலை, பூ முடிஞ்சுடுச்சு அவ்ளோதான். தூக்கிப் போட்டுடாத. எங்க வீட்டுலயும் இதே ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்தான், பெங்களூர் மல்லேஸ்வரம் வந்த புதுசுல வாங்கினது.

பூ இருந்த தண்டை எங்க வெட்டணும்னு கேட்டல்ல. அதுல கரும்பு மாதிரி கணு தெரியும், முக்கோணமா ஒரு சின்ன செதில் மூடியிருக்கும். தண்டு பச்சையா இருந்தா அடிலேர்ந்து எண்ணி ரெண்டாவது மூணாவது கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேல வெட்டினா, ரெண்டு மூணு மாசத்துல அங்கேர்ந்து கிளை வந்து பூக்கலாம், ஆனா பூ சின்னதா கம்மியாத்தான் இருக்கும். மஞ்சளாவோ காஞ்சோ போயிருந்தா யோசிக்கவே வேண்டாம், அடில ரெண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டிடு.

நான் முதல் தடவ ஆசைல பச்சைத் தண்டை ரெண்டாவது கணு மேல வெட்டினேன். செடிக்கு அப்ப மூணே இலை. நாலு பூ வந்துச்சு, அப்புறம் இலையெல்லாம் துணி மாதிரி தொங்கிப் போச்சு, அடுத்த வருஷம் ஒண்ணுமே பூக்கலை. இருந்த சத்தெல்லாம் அந்த நாலு பூவுக்கே போயிடுச்சு போல. உன் போட்டோலயும் மூணு இலைதான் தெரியுது, அதுவும் ஒண்ணு சுருங்கியிருக்கு, அதனால தண்டு பச்சையா இருந்தாலும் நீ அடிலயே வெட்டு. கத்தரியை முதல்ல கேஸ் அடுப்புல காட்டி ஆற வச்சுக்கோ, ஒரு செடியோட வைரஸ் இன்னொண்ணுக்கு கத்தரி வழியாவும் போகும்.

வெட்டினப்புறம் புது இலை வரணும், அதுக்கு வெளிச்சம் வேணும், நேர் வெயில் இல்ல, கிழக்கு ஜன்னல் போதும். பானைக்குள்ள வேர் வெள்ளி மாதிரி வெளுத்தா தண்ணி விடு, பச்சையா இருந்தா விடாத.

பூக்க வைக்கிறது உரம் இல்லடி, குளிர்தான். ராத்திரி 16லேர்ந்து 18 டிகிரி, பகல்ல 25 பக்கம், இப்படி ஒரு மாசம் கிடைச்சா தண்டு விடும். இங்க நவம்பர்ல பால்கனில வச்சேன், டிசம்பர் கடைசில இலைக்கு அடில பச்சையா ஒண்ணு எட்டிப் பார்த்துச்சு. எங்க வீட்டுக்காரர் அது வேர்னு சொன்னார். நுனி உருண்டையா இருந்தா வேர், குட்டிக் கையுறை மாதிரி தட்டையா இருந்தாதான் தண்டு. மார்ச்ல ஒம்பது பூ!

உங்க மும்பைல நவம்பர்லயும் புழுங்கும், நீ டிசம்பர் ஜனவரி பார்த்துக்கோ, ராத்திரி ஜன்னல் ஓரமா வச்சு ஜன்னலைத் திறந்துவிடு. ஏசி காத்து நேரா படற இடம் வேண்டாம், அப்புறம் மொட்டெல்லாம் விரியாமலே கொட்டிடும்.

அம்மா முட்டி வலி எப்படியிருக்கு? வெட்டிட்டு இன்னொரு போட்டோ அனுப்பு, வேரும் தெரியற மாதிரி.

உன்,
மாலா