எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: லினோ அச்சுக்கான புகைப்படம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஓவிய வகுப்பில் அடுத்த வாரம் பிள்ளைகள் தம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் முகத்தை லினோ என்ற மென்மையான தகட்டில் உளியால் செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு புகைப்படம் வேண்டும். எல்லாப் படமும் இதற்கு உதவாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

லினோவில் செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்த படத்தில் முகம் முழுதும் ஒரே வெளிச்சமாக இருக்கும். நிழல் இல்லாததால் பிரிக்க ஒன்றும் இருக்காது. பாட்டியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் நிழலிலும் இருந்தால் போதும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கொண்டுவந்த பாட்டி படத்தைக் கணினி அறையில் GIMP மென்பொருளில் திறந்தோம். முதலில் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினோம்; தோலின் சுருக்கமும் சேலையின் நூலும் ஆயிரம் புள்ளிகளாகச் சிதறாமல் இருக்க அது தேவை. பிறகு Colors பட்டியலில் Threshold; அது ஓர் அளவுக்கு மேல் வெளிச்சமான இடத்தை வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் மாற்றிவிடும். அளவு 127-இல் பாதி முகம் கறுப்பில் மூழ்கியது. 95-க்கு இறக்கியதும் மூக்கும் உதடும் தெரிந்தன, ஆனால் நரைத்த முடி வெளிர்ச் சுவரோடு கலந்து காணாமல் போனது. எந்த எண்ணும் இரண்டையும் காப்பாற்றவில்லை. அச்செடுத்த தாளில் அவள் மார்க்கர் பேனாவால் சுவர் முழுவதையும் கறுப்பாக்கினாள். முடி உடனே எழுந்து நின்றது. நிழல் கன்னம் அந்தக் கறுப்போடு சேர்ந்துவிட்டது. அங்கே கோடே இல்லை, ஆனாலும் பார்ப்பவர் கண் முகத்தை முடித்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுபட்ட கன்னத்துக்குக் கோடு போடச் சொல்லாதீர்கள். கண்ணையும் இமை, கருவிழி எனத் தனித்தனியாக வரையச் சொல்லாதீர்கள். மேலிமை, அதன் நிழல், கருவிழி மூன்றும் ஒரே கறுப்பு வடிவமாக இருக்கட்டும். தனியே நிற்கும் சிறு கறுப்புப் புள்ளி உளி பட்டால் பெயர்ந்துவிடும். வெள்ளைப் புள்ளிக்கு அந்தக் கவலை இல்லை. அவள் பாட்டியின் மூக்குத்தி உளிமுனையின் ஒரே குத்தில் வந்தது.

மூக்குத்தி என்றதும் இன்னொன்று. அச்சில் இடம் வலமாக மாறும். டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கம் தகட்டில் படும்படி கவிழ்த்துத் தேய்த்தால் படம் தகட்டில் இடவலம் மாறிப் பதியும், அச்சில் சரியாகிவிடும். கார்பன் தாள் வைத்து நேராகப் பதித்த ஒரு பிள்ளையின் அச்சில் மூக்குத்தி மறுபக்கம் போய்விட்டது. அதை முதலில் கண்டவர் அந்தப் பாட்டிதான்.

உளி பிடிக்கும் வேலை பள்ளியில் மட்டும் நடக்கும், வீட்டில் வேண்டாம். படத்தை 15 × 20 செ.மீ. அளவில் அச்செடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். ஜன்னலோரப் படம் எடுக்க முடியாதவர்கள் பெரியவரைப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். வடக்கு வராந்தாவில் காலை வெளிச்சத்தில் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்