ஆல்கலைன் மெஷினுக்குச் சங்கப் பணம் வேண்டாம்: நம் நகர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர், பொருளாளர் அம்மா மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து எழுதுகிறேன். சேலத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் 26 வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் ஆர்.ஓ. பிளாண்ட்டோடு, தண்ணீரைக் காரமாக்கித் தரும் ஆல்கலைன் மெஷின் ஒன்றைச் சேர்க்க வீட்டுக்கு வீடு பணம் வசூலிப்பது பற்றி வரும் ஞாயிறு பொதுக்குழுவில் பேசப்போவதாக நோட்டீஸ் பார்த்தேன். அதற்கு முன்னால் இந்த மடலை எல்லோரும் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் தெருவில் ஒருவர் உடம்பு இதனால் ஏற்கெனவே கெட்டு, இப்போதுதான் தேறி வருகிறது.

போன மாதம் மண்டபத்தில் நடந்த செயல்விளக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் சொட்டு மருந்தை நம் கேன் தண்ணீரில் நான்கு சொட்டு விட்டதும் மஞ்சளானது. மெஷின் தண்ணீரில் விட்டதும் ஊதாவானது. "மஞ்சள் என்றால் ஆசிட், இதைத்தான் தினமும் குடிக்கிறீர்கள், அதனால்தான் உடம்பே ஆசிட் ஆகிக் கிடக்கிறது" என்றார் வந்தவர். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துவந்து, அதே சொட்டு மருந்தை விட்டேன். ஊதா. ஒரு ஸ்ட்ராவை உள்ளே விட்டு மெதுவாக ஊதினேன். நீலமாகி, பச்சையாகி, ஒரு நிமிடத்துக்குள் மஞ்சளுக்கே வந்துவிட்டது. என் பேத்தி ஊதினாலும் அதேதான். நாம் விடும் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலம். நம் கேன் தண்ணீர் மஞ்சளானதற்கும் அதுதான் காரணம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் ஏறக்குறைய இல்லாததால், காற்றிலிருந்து இறங்கும் அந்தக் கொஞ்சம் வாயுவே அதன் பி.எச். அளவை, அதாவது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் எண்ணை, கீழே இழுத்துவிடுகிறது. நிறத்தை மாற்றியதே தவிர, அதில் பயப்படும் அளவுக்கு அமிலம் எதுவும் இல்லை.

நம் உடம்புக்குள் அந்த வாயு ஒரு நாளில் சுமார் 15,000 மில்லிமோல் உண்டாகிறது. (மில்லிமோல் என்பது அமிலத்தையும் காரத்தையும் எண்ணிக் கணக்குப் பார்க்கும் அலகு, ரூபாய் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.) அவ்வளவையும் நுரையீரல் வெளியே அனுப்பிவிடுகிறது. ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவிலேயே நிற்பதற்கு மூச்சும் சிறுநீரகமும் சேர்ந்து பார்க்கும் இந்த வேலைதான் காரணம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு ஐஸில் வைத்த சிரிஞ்சோடு ஓடிவருவார்கள்; ரத்த வாயு மெஷினில் 7.1 என்று வந்தால் பேப்பர் வெளியே வருமுன் போனை எடுத்துவிடுவோம். உடம்பு நிஜமாகவே அமிலமாவது என்றால் அதுதான். அந்த நிலையில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேச்சு கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, வயிற்றுக்கு வருகிறேன். குடித்த தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இடம் அது. இரைப்பைச் சாறின் பி.எச். 1.5 முதல் 3.5 வரை, ஒரு நாளில் ஒன்றரை, இரண்டு லிட்டர் சுரக்கிறது. அமிலமாக இருப்பதுதான் அதன் வேலை. புரதத்தை அறுக்கும் பெப்சின் அங்கேதான் வேலை செய்யும், சாப்பாட்டோடு போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேதான் சாகும். ஒரு டம்ளர் மெஷின் தண்ணீரில் இருக்கும் காரத்தை அடக்க இரண்டு டீஸ்பூன் இரைப்பைச் சாறு போதும். எப்படி இந்தக் கணக்கு என்று கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. இரைப்பையின் செல்கள் உள்ளே எவ்வளவு அமிலம் விடுகின்றனவோ, அதே அளவு பைகார்பனேட் என்ற காரத்தை ரத்தத்தில் விடுகின்றன. சாப்பாடு சிறுகுடலுக்கு இறங்கியதும், கணையம் பைகார்பனேட்டைச் சுரந்து அந்த அமிலத்தை அங்கேயே அடக்கிவிடுகிறது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்குவது போல. ஆக, வயிற்றின் அமிலம் ரத்தத்தை அமிலமாக்குவதில்லை. நெஞ்செரிச்சல் என்பது அந்தச் சாறு மேலே உணவுக்குழாயில் ஏறுவது. உடம்பு முழுக்க ஆசிட் என்பதற்கு அது அடையாளம் அல்ல.

சிறுநீரகம்தான் இந்த மடலின் முக்கியமான பகுதி. சாப்பிட்ட பருப்பு, கறி, முட்டையில் இருந்து மூச்சில் போகாத அமிலம் ஒரு நாளில் சராசரியாக 50 முதல் 100 மில்லிமோல் மிஞ்சும். அதை அம்மோனியமாகவும் பாஸ்பேட்டோடு சேர்த்தும் வெளியேற்றுவது சிறுநீரகம். அதோடு, ஒரு நாளில் வடிகட்டும் 180 லிட்டரிலிருந்து பைகார்பனேட்டைச் சிந்தாமல் திரும்ப ரத்தத்துக்கே எடுத்துக்கொள்கிறது. செயல்விளக்கத்தில் கொடுத்த பேப்பர் துண்டில் காலைச் சிறுநீர் 5.5 காட்டியது என்று நம்மில் பலர் கவலைப்பட்டார்கள். அது அமிலம் வெளியே போய்விட்டது என்பதைத்தான் காட்டுகிறது. சிறுநீரின் பி.எச். 4.5 முதல் 8 வரை ஆடும். அது ஆடுவதால்தான் ரத்தத்தின் பி.எச். ஆடாமல் நிற்கிறது. கார நீர் குடித்தபின் பேப்பர் பச்சையானால், தேவையில்லாத காரத்தைச் சிறுநீரகம் தூக்கி வெளியே போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சிறுநீரகமே பழுதானால்?

நம் தெரு அக்கா ஒருவர், வயது 61, சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்ததால் மருத்துவர் 500 மில்லிகிராம் சோடா மாத்திரை, அதாவது சோடியம் பைகார்பனேட், தினம் மூன்று எழுதியிருந்தார். அதில் அவர் அளவு 22-ல் நின்றது. ஜனவரியில் மகன் ஒரு ஆல்கலைன் மெஷின் வாங்கி மாட்டினார். விற்றவர், "இதுவே காரம்தான், அந்த மாத்திரை எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மார்ச் கடைசியில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. சோறு இறங்கவில்லை, கால் தளர்ந்தது. என்னிடம் ரிப்போர்ட்டைக் காட்டினார். பைகார்பனேட் 16-க்கு இறங்கியிருந்தது, பொட்டாசியம் 5.7-க்கு ஏறியிருந்தது. வேகமாக மூச்சு வாங்கியது நுரையீரல் கோளாறால் அல்ல. சிறுநீரகம் தள்ள முடியாத அமிலத்துக்கு ஈடுகட்ட, நுரையீரல் கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாக வெளியேற்றிக்கொண்டிருந்தது. அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம். மாத்திரை மறுபடி தொடங்கி ஆறு வாரத்தில் 21-க்கு வந்திருக்கிறார்.

அப்புறம் எனக்கு மனசு கேட்கவில்லை. அக்கா வீட்டு மெஷின் தண்ணீரையும், அதே வீட்டு போர் தண்ணீரையும் தெரிந்த பேராசிரியர் ஒருவரின் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். மெஷின் தண்ணீரின் பி.எச். 9.4, போர் தண்ணீர் 7.6. பி.எச். மட்டும் பார்த்தால் மெஷின்தான் ஜெயித்தது. ஆனால் பி.எச். ஒரு தண்ணீர் எவ்வளவு அமிலத்தை அடக்கும் என்று சொல்லாது. அதற்கு மொத்தக் காரத்தன்மை என்று தனியாக ஒரு அளவு உண்டு. 100 மில்லி தண்ணீரில் மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை விட்டு, ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து 0.02 நார்மல் சல்பியூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினோம். மெஷின் தண்ணீர் இரண்டரை மில்லியிலேயே மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறிவிட்டது. போர் தண்ணீர் 34 மில்லி வரை இழுத்தது.

கணக்குப் போட்டால், மெஷின் தண்ணீர் லிட்டருக்கு அரை மில்லிமோல் அமிலத்தைத்தான் அடக்கும். போர் தண்ணீர் கிட்டத்தட்ட 7 அடக்கும். ஒரு சோடா மாத்திரையில் இருப்பது 6 மில்லிமோல். அக்காவின் மூன்று மாத்திரைக்கு ஈடாக மெஷின் தண்ணீர் 36 லிட்டர் குடிக்க வேண்டும், அதுவும் தினமும். அவருக்கு மருத்துவர் அனுமதித்திருப்பது ஒன்றரை லிட்டர். முன்னே சொன்ன இரண்டு டீஸ்பூன் கணக்கும் இதிலிருந்து வந்ததுதான்: 200 மில்லி டம்ளரில் 0.1 மில்லிமோல் காரம்; பி.எச். 2 இருக்கும் இரைப்பைச் சாறு 10 மில்லியில் அதே அளவு அமிலம்.

நம் ஊர் மண்ணில் பைகார்பனேட்டுக்குப் பஞ்சமில்லை. வெள்ளக்கல்பட்டிப் பக்கம் தோண்டியெடுக்கும் வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட்தான். ஆர்.ஓ. அந்த இயற்கையான காரத்தை முதலில் வடித்துச் சாக்கடையில் விடுகிறது. மெஷின் மிச்சத்தின் பி.எச்.-ஐ மட்டும் உயர்த்திக் காட்டுகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரைக்குப் பதிலாக போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அதில் கடினத்தன்மையும் ஃபுளோரைடும் எவ்வளவு என்று தெரியாமல் குடிக்கக்கூடாது. எல்லா மெஷினும் இதே அளவுதான் தரும் என்றும் நான் சொல்லவில்லை. தாதுக் கலவை சேர்க்கும் மாடல்களில் காரத்தன்மை கூடலாம். அந்தக் கலவையில் பொட்டாசியம் இருந்தால் அக்கா மாதிரி ஆட்களுக்கு அது வேறு ஆபத்து. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் இதைக் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பணம்தான் போகும். இந்தியக் குடிநீர்த் தர அளவான ஐ.எஸ். 10500 சொல்லும் பி.எச். 6.5 முதல் 8.5 வரை. பொதுப் பணத்தில் 9.4 வாங்க என்ன அவசியம்?

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். வசூலை நிறுத்திவையுங்கள். நம் போர் தண்ணீரையும் பிளாண்ட் தண்ணீரையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகியவற்றைப் பாருங்கள். பிளாண்ட்டின் மெம்பிரேனை மாற்றவோ டேங்க்கைக் கழுவவோ வேண்டியிருந்தால் அதற்குப் பணம் கேளுங்கள், முதல் ஆளாகத் தருகிறேன். நோட்டீஸ் போர்டில் இன்றே ஒரு வரி எழுதிவையுங்கள்: சிறுநீரகச் சிகிச்சையில் இருப்பவர்கள் எந்தத் தண்ணீருக்காகவும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் இரண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுவருகிறேன். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேராசிரியரிடம் ப்யூரெட்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மெஷின் விற்பவரை அவருடைய தண்ணீர் ஒரு லிட்டரோடு வரச் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சொட்டு எண்ணிப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்